திரைக்கு அந்தப் பக்கம் இருந்த இருபத்தேழு பார்சல்

என் மாமி ஹவ்வா உம்மா என்னோடு நேரே கதைத்த முதல் சொல் "மகன்" என்பது. அதைக் கேட்பதற்கு நான் கல்யாணம் முடித்துப் பதினெட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் கடை கிட்டத்தட்ட மூடப்பட்டுப் போனது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் நிந்தவூரிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளுமாகச் சாய்ந்தமருதுக்கு வந்தவன். வீடு என் மனைவி அஸ்னாவின் பேரில் இருக்கிறது. ஆக நான் அந்த வீட்டில் என்றைக்கும் விருந்தாளி, மரியாதையான விருந்தாளி. அந்த மரியாதையில் ஒரு பகுதி, மாமி மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைக்காமல் இருப்பது. இப்போது பல வீடுகளில் அது விட்டுப்போய்விட்டது. என் மாமி எதையும் இலேசில் விடுகிற ஆளில்லை. நான் முன் அறையில் இருந்தால் அவ உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருப்பா. "அவருக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு" என்பா. நான் இங்கே இருந்து, "வேண்டாம் எண்டு சொல்லுங்க" என்பேன். நடுவில் நிற்கும் அஸ்னா எதையும் சொல்லத் தேவையில்லை, இரண்டு பேருக்கும் கேட்டுவிடும். ஆனாலும் சொல்லுவாள். சட்டம் சட்டம்தான்.

சுனாமி வந்தபோது மாமிக்கு நாற்பத்திரண்டு வயது. மாமா கலந்தரைக் கடல் கொண்டுபோனது. கடற்கரையோரம் இருந்த வீடும் போனது. பதின்மூன்று வயது அஸ்னாவோடு பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது யாரோ ஒரு நிறுவனத்தார் கொடுத்த தையல் மெசினில், உதவியாக வந்த சேலைகளை வெட்டி முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு ஏணை தைத்துக் கொடுத்திருக்கிறா. ஏணை என்பது கூரை வளையில் கட்டித் தொங்கவிடும் துணித் தொட்டில். மாமி தைக்கும் ஏணை பிள்ளையை ஒரு பக்கம் சரியவிடாது. இரண்டு பக்கமும் மரக் கம்பு கோர்த்து, மேலே நுளம்பு கடிக்காமல் வலை வைத்து, அடியில் இரட்டைத் தையல் போட்டிருக்கும். அந்தத் தையல்தான் பிறகு இந்த வீட்டையும் அஸ்னாவின் படிப்பையும் தாங்கியது.

யுத்தம் முடியும்வரை அவவின் வியாபாரம் பக்கத்து ஊர்களைத் தாண்டவில்லை. வெளியூருக்கு அனுப்பினால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பார்சலைக் கிழித்துப் பார்ப்பார்கள். அதனால் மாமி பார்சலின் ஒரு பக்கத்தை ஒட்டாமல், ஊசி குத்தி விட்டுவிடுவா. சாவடிகள் போய் நாலைந்து வருடமான பிறகும் அவ ஊசிதான் குத்தினா. கூரியர் அலுவலகத்தில் அப்படி ஏற்க மாட்டார்கள் என்று நான் அஸ்னாவிடம் சொல்ல, அஸ்னா அவவிடம் சொல்ல, ஒரு கிழமை கழித்துத்தான் டேப் ஒட்டத் தொடங்கினா.

முகநூல் பக்கம் தொடங்கியது நான். கல்முனைப் பிரதான வீதியில் போன் காட்டும் போட்டோக்கொப்பியுமாக எனக்கொரு கொமினிகேசன் கடை இருக்கிறது, கணினியும் இருக்கிறது. 'ஹவ்வா ஏணை' என்று பெயர் வைத்துப் படங்களைப் போட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஓடர் வரத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் பிள்ளையின் நாற்பதாம் நாளுக்கு வாங்குவார்கள். தமிழ் ஆட்கள் முப்பத்தொன்றுக்கு வாங்குவார்கள். யாராக இருந்தாலும் நாள் பிள்ளை பிறந்த அன்றே எழுதப்பட்டுவிடும். பெருநாளைக்கூடப் பிறை பார்த்து ஒரு நாள் தள்ளலாம், நாற்பதைத் தள்ள முடியாது.

வேலை நடந்த விதம் இது. ஓடர் வந்ததும் நான் பெயர், நிறம், எந்த நாளுக்குத் தேவை என்று ஒரு துண்டு எழுதி அஸ்னாவிடம் கொடுப்பேன். அவள் உள்ளறைக்குக் கொடுப்பாள். மாமி தைத்து, ஒட்டி, துண்டைப் பார்சலில் குத்தி வைப்பா. அஸ்னா அதை முன் அறைக்குக் கொண்டுவந்து, நான் அச்சடித்து வைத்திருக்கும் முகவரியை ஒட்டுவாள். நான் பின்னேரம் நாலு மணிக்கு முன்னால் கூரியரில் கொடுத்து, அவர்கள் தரும் இலக்கத்தை வாங்கியவருக்கு அனுப்பிவிடுவேன். ஒன்றரை வருடத்தில் ஒரு பார்சல்கூடப் பிந்தவில்லை. நான் அதைப் பற்றி அளவுக்கு மீறிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துப் பதினாலாம் வருட மாரியில் அஸ்னாவுக்குச் சொன்ன நாளைக்கு மூன்று கிழமை முந்தியே வலி வந்துவிட்டது. கல்முனை ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை செய்து மகனை எடுத்தார்கள். பிள்ளை எடை குறைவு, தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அஸ்னாவோடு அவளுடைய சாச்சி, சின்னம்மா முறை, நின்றா. மாமி காலையிலும் பின்னேரமும் சாப்பாடு கொண்டுபோய் வந்தா. நான் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக மழையில் நனைந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் இருபத்தேழு துண்டுகள் ஏற்கெனவே உள்ளறைக்குப் போயிருந்தன. இருபத்தேழு முகவரிகள் முன் அறை மேசை இலாச்சியில் இருந்தன. நடுவில் நிற்க வேண்டியவள் கட்டிலில் கிடந்தாள்.

நான் நினைத்தேன்: மகள் ஆஸ்பத்திரியில் கிடக்க இந்த மனுசி எங்கே தைப்பது, பாவம், கேட்கவும் கூடாது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மெசின் சத்தம் கேட்கும். பேரனுக்கு ஏதோ தைக்கிறா என்று எடுத்துக்கொண்டேன். மாமியின் அறைக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை, யாருக்கும் இருக்கவும் கூடாது. வாங்கியவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் உண்மையாகவே வீதியில் வெள்ளம் பாய்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். "மழையால் பாதை மூடியுள்ளது. கூரியர் வாகனம் ஓடவில்லை. விரைவில் வரும், கவலைப்பட வேண்டாம்." ஒன்றைத் தட்டி எல்லாருக்கும் அனுப்பினேன். வெள்ளம் மறுநாளே வடிந்துவிட்டது. என்னுடைய வெள்ளம் மட்டும் பத்து நாள் வடியவில்லை.

பொத்துவிலில் இருந்து மீராசா என்பவர் எங்கள் முகநூல் பக்கத்தில் எழுதினார்: "பேத்தியின் நாற்பது வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. ஏணை வரவில்லை. பொறுப்பில்லாத கடை. யாரும் ஏமாற வேண்டாம்." அதை எழுபது பேர் பகிர்ந்தார்கள். அதற்குக் கீழே இன்னும் ஆறு பேர் தங்கள் பொருளும் வரவில்லை என்று எழுதினார்கள். புது ஓடர் ஒன்றும் வரவில்லை. பெயர் மாமியுடையது, நாறடித்தவன் நான். கணினிக்கு முன்னால் இருந்து எனக்கு அழுகை வந்தது.

பதினோராவது நாள் காலையில் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் மணி. திருக்கோவிலில் இருந்து புண்ணியமூர்த்தி என்ற ஐயா வந்திருந்தார். அக்கரைப்பற்று வரை பஸ்ஸில் வந்து, இன்னொரு பஸ் பிடித்து, சந்தியில் யாரிடமோ சைக்கிள் வாங்கி வந்திருக்கிறார். மகளின் பிள்ளைக்கு மறுநாள் முப்பத்தொன்று.

"தம்பி, பாதை மூடியிரிக்கு எண்டு எழுதியிருந்தீங்க," என்றார். சத்தம் போடவில்லை. "நான் அந்தப் பாதையாலதான் வந்தன். பஸ்ஸுல சீற்றும் கிடைச்சிது."

"ஐயா, வீட்டுல கொஞ்சம் சுகமில்ல… இன்னும் தைச்சு முடியல்ல…" என்று இழுத்தேன்.

திரைக்குப் பின்னால் இருந்து மாமியின் குரல் வந்தது. எனக்கில்லை, அவருக்கு. "அண்ணன், திருக்கோவில் ஓடர்தானே? மஞ்சள் நிறம். அது தைச்சு முடிஞ்சு ஒம்பது நாளாச்சே. இவர் இன்னும் அனுப்பல்லயா?"

திரை ஓரமாக ஒரு கை பார்சலை நீட்டியது. துண்டு குத்தியிருந்தது, என் கையெழுத்து. புண்ணியமூர்த்தி ஐயா பார்சலையும் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே வீட்டுக்குள்ளதானே இரிக்கீங்க?" என்று கேட்டார்.

அவர் தேத்தண்ணி குடித்தார். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருப்பதைக் கேட்டு, தங்கள் கோயிலில் அருச்சனை வைப்பதாகச் சொன்னார். போகும்போது, "எனக்குப் பொருள் வந்திட்டு தம்பி. மத்த ஆக்களுக்கு உண்மையச் சொல்லுங்க. மழை பாவம்," என்றுவிட்டு சைக்கிளை மிதித்தார்.

மிச்சம் இருபத்தாறு பார்சல் உள்ளறையில் கூரைக்குக் கிட்ட அடுக்கியிருந்தது. மாமி என்ன நினைத்தா தெரியுமா? மருமகன் பிள்ளையின் கவலையில் இருக்கிறார், நாளைக்கு எடுப்பார், எடுக்கச் சொல்லி ஒரு ஆண்பிள்ளையை ஏவலாமா என்று நினைத்திருக்கிறா. நாளுக்கு நாள் அடுக்கைத் திரைக்குக் கிட்டக் கிட்ட நகர்த்தியும் வைத்திருக்கிறா. நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருளுக்கு மழையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, இப்போது ஒரு மன்னிப்புப் பதிவு போட வேண்டும். நான் தொலைபேசியில் அஸ்னாவை எடுத்தேன். "காலநிலையாலும் கூரியர் தாமதத்தாலும் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று நான் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். அவள் வைத்துவிட்டு உம்மாவை எடுத்தாள். உள்ளறையில் மணி அடித்தது எனக்குக் கேட்டது. மாமி சொன்னதும் கேட்டது.

"கூரியர்காரன் என்ன செஞ்சவன்? அவன்ட தலையில ஏன் போடணும்? நம்மட அறையில கிடந்த எண்டு எழுதச் சொல்லு."

என் தொலைபேசி அடித்தது. "உம்மா சொல்றா…"

"கேட்டிச்சி. அப்பிடி எழுதினா கடைய மூடிட்டுப் போகலாம் எண்டு சொல்லுங்க. ஊரே சிரிக்கும். மாமியும் மருமகனும் கதைக்கிற இல்ல எண்டு முகநூலிலயா போடுற?"

மறுபடி உள்ளே மணி. மறுபடி என் மணி. மூன்றாம் முறை அஸ்னாவின் குரல் மெலிந்திருந்தது. "இஞ்ச பாருங்க. எனக்குத் தையல் போட்ட இடம் வலிக்கிது. புள்ளைக்கு இப்பத்தான் ஒழுங்கா மூச்சு வருது. உங்கட ரெண்டு பேருட கதைய இனி நான் சுமக்க மாட்டன். நீங்களே கதைச்சிக்கங்க." வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம், வெட்கம், அதற்கு மேல் பயம். எழுந்து கடைக்குப் போய்விடலாமா என்று செருப்பைத் தேடினேன்.

"மகன்," என்றது திரை.

நான் நின்றேன்.

"கொஞ்சம் இரிங்க மகன். நான் ஒண்டு சொல்லணும். உங்கட மாமாவக் கடல் எடுத்த அண்டைக்கு, கலந்தர் அம்பாற ஆஸ்பத்திரியில இரிக்காரு, கால்ல காயம், வந்திருவாரு, பயப்படாத எண்டு எல்லாரும் எனக்கிட்டச் சொன்னாங்க. ஆறுதலுக்குத்தான் சொன்னாங்க. கேம்புல உடுப்புப் பங்கு வெக்கக்குள்ள நான் அவருக்கெண்டு ஒரு சாரன் எடுத்து மடிச்சி வெச்சன். பதினொரு நாள் வெச்சிரிந்தன். அவர ரெண்டாம் நாளே அடக்கியிரிக்காங்க. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியா. துக்கத்துக்கு ஒதுங்கி இத்தா இரிக்க வேண்டிய நாளில நான் வாசலப் பாத்துக்கிட்டு இரிந்தன். மவுத்து அல்லாஹ்ட நாட்டம், அத நான் ஏத்துக்கிட்டன் மகன். அந்தப் பதினொரு நாள இண்டைக்கும் ஏத்துக்கேலாம இரிக்கி."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவவும் மறுபக்கம் இருந்திருக்க வேண்டும், குரல் கீழே இருந்துதான் வந்தது.

"மழை எண்டு சொன்னா, மழை விடும் எண்டு அந்தப் புள்ளைகள்ட உம்மாமார் வாசலப் பாத்துக்கிட்டு இரிப்பாங்க. அறையில கிடந்த எண்டு சொன்னா ஏசுவாங்க. ஏசிட்டுப் போய் வேற இடத்துல வாங்குவாங்க. ஏசட்டும். என்ட பேர்தானே, நான் தாங்குவன்."

"மாமி," என்றேன். நானும் அவவை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "பொய் சொன்னது நான். உங்கட பேரில சொல்லிட்டன்."

"ஓம், பிழைதான்," என்றா. இல்லை, பரவாயில்லை என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. "இப்ப எழும்புங்க. முதல்ல சாமானை அனுப்புவம். அனுப்பாம மன்னிப்புக் கேட்டா அதுவும் இன்னொரு தவணை சொல்றதுதான்."

திரையை அவவே ஒரு பக்கம் ஒதுக்கி ஆணியில் மாட்டினா. தலைச் சீலையை இழுத்து விட்டுக்கொண்டு பார்சலை ஒவ்வொன்றாக எடுத்து, துண்டில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்தா. நான் முகவரியைத் தேடி ஒட்டினேன். இரண்டு தடவை நான் பிழையாக ஒட்டப் போனதைப் பிடித்தா. மூன்று மணிக்கு முன்னால் ஒரு ஓட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்து, இருபத்தாறு இலக்கங்களையும் இருபத்தாறு பேருக்கும் அனுப்பினேன். பிறகு முன் அறையில் இருந்து, அவ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சில இடங்களில் நான் சொல்ல அவ வெட்டினா. "வருந்துகிறோம்" என்பதை, "ஆரு வருந்துற? பேரச் சொல்லுங்க" என்று வெட்டினா. கடைசியில் வந்தது இது:

"எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும். இருபத்தேழு பேருக்குச் சொன்ன நாளில் ஏணை அனுப்பாமல் விட்டோம். மழை காரணம் இல்லை. கூரியர் காரணம் இல்லை. அப்படி உங்களுக்கு எழுதியது பொய், எழுதியவன் மருமகன் நிப்றாஸ். ஏணைகள் தைத்து முடிந்து எங்கள் வீட்டு அறையிலேயே கிடந்தன. தைக்கும் மாமியும் அனுப்பும் மருமகனும் நேரே கதைப்பதில்லை. நடுவில் நின்று கதை சொல்பவர் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. கேட்கவில்லை. இன்று பின்னேரம் மூன்று மணிக்கு முன் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டோம், ஒவ்வொருவருக்கும் பார்சல் இலக்கம் அனுப்பியிருக்கிறோம். அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் இரண்டு நாளில் வரும். கொழும்பு, யாழ்ப்பாணம் மூன்று நாள், ஞாயிற்றுக்கிழமை சேராது. உங்கள் நாள் அதற்குள் முடிந்துவிடுமானால், அல்லது முடிந்துவிட்டதென்றால், பார்சலை வாங்காமல் திருப்பிவிடுங்கள், ஒரு சதமும் கேட்க மாட்டோம். முன்பே காசு போட்டவர்களுக்கு முழுவதும் திரும்ப வரும். எல்லாப் பார்சலும் கைக்குச் சேரும்வரை புது ஓடர் எடுக்க மாட்டோம். ஏச விரும்புகிறவர்கள் கீழே உள்ள இலக்கத்துக்கு எடுங்கள், ஹவ்வா உம்மாவே கதைப்பா."

"கடைசி வரி வேணுமா மாமி?" என்றேன்.

"அதுதான் முக்கியம்," என்றா.

போட்டோம். மாமி அஸர் தொழப் போய்விட்டா.

ஊர் சிரித்தது உண்மை. "எங்கட வீட்டிலயும் இதே கதைதான்" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே பதினாலு மருமகன்மார் வந்து சேர்ந்தார்கள். ஆனால் இலக்கத்தைப் பார்த்தவர்கள் அமைதியானார்கள். தன் பார்சல் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவனுக்கு ஏச நேரம் கிடையாது. நாலு பேர் வேண்டாம் என்றார்கள், சரி என்றோம். எடுத்து ஏசியவர்கள் மூன்று பேர். மாமி ஒவ்வொருவரிடமும் ஏச்சு முடியும்வரை கேட்டுவிட்டு, "ஓம், உண்மை" என்றா.

எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். பொத்துவில் மீராசா காக்கா எங்களுக்கு எடுக்கவில்லை. மாமியே அவருக்கு எடுத்தா. ஒலிபெருக்கியில் போடச் சொன்னா.

"நாப்பது போயிட்டு," என்றார் அவர்.

"ஓம் காக்கா. அத எங்களால திருப்பித் தரேலா. அதுக்குத்தான் எடுத்தன்."

"நான் எழுதினத அழிக்கச் சொல்லியா எடுத்தீங்க?"

"இல்ல. அது இரிக்கட்டும். உண்மைதானே."

"அழிக்கவும் மாட்டன்," என்றார். ஆனால் இரண்டாம் நாள் அந்த எழுத்துக்குக் கீழே அவரே இன்னொன்று எழுதினார்: "பார்சல் வந்தது. நாற்பதுக்கு வரவில்லை. ஆனால் சொன்ன நாளுக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்." அதை நான் மாமிக்கு வாசித்துக் காட்டியபோது அவ மெசினை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னா. அதற்கடுத்த கிழமை வந்த ஓடர்களில் மூன்று பொத்துவிலில் இருந்து வந்தவை.

பிள்ளையோடு அஸ்னா வீட்டுக்கு வந்தபோது நானும் மாமியும் கம்பின் நீளத்தைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். மூன்றடி போதும் என்று நான், மூன்றரை இல்லாமல் ஏணை விரியாது என்று அவ. ஓட்டோ வந்து நின்றது இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

"நான் இன்னும் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியிலயே இரிந்திரிக்கலாம் போல," என்றாள் அஸ்னா வாசலில் நின்று.

மாமி ஓடிப்போய்ப் பேரனை வாங்கினா. வாங்கிக்கொண்டு வந்து, வளையை அண்ணாந்து பார்த்தா. அப்படியே நின்றா. நானும் பார்த்தேன். வெறும் வளை. இருபத்தேழு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தைத்த வீட்டில் எங்கள் பிள்ளைக்கு ஏணை இல்லை.

"சுபஹுக்குப் பிறகு மெசின் சத்தம் கேட்டிச்சே மாமி. பேரனுக்குத் தைக்கிறீங்க எண்டுதானே நான் இரிந்தன்."

"ஓடர்ல கிடந்த புள்ளைகளுக்கு நாள் போகுதே எண்டு அதுகளுக்குத் தைச்சன்," என்றா. கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் மாறவில்லை. "என்னைப் பாத்துக்கிட்டு நிக்காம துண்ட எழுதித் தாங்க மகன். துண்டு இல்லாம நான் தைக்க மாட்டன்."

எழுதினேன். பெயர் என்ற இடத்தை விட்டுவிட்டேன், அது இன்னும் முடிவாகவில்லை. நிறம் பச்சை. நாற்பதாம் நாளை எண்ணிப் போட்டேன். முகவரி என்ற இடத்தில் என்ன போடுவதென்று யோசித்து, 'முன் அறை' என்று எழுதி, அஸ்னாவைத் தாண்டிப் போய் மாமியின் கையிலேயே கொடுத்தேன்.

முப்பத்தெட்டாம் நாள் பின்னேரம் உள்ளறையில் இருந்து, "மகன், முடிஞ்சிட்டு, வந்து எடுங்க" என்று குரல் வந்தது. போய் எடுத்தேன்.